புகாருக்கு முன் திரட்ட வேண்டியவை

முதன்முறையாகப் புகார் எழுதுபவர் பெரும்பாலும் தம் மனவருத்தத்திலிருந்தே தொடங்குகிறார். எத்தனை முறை அலைந்தார், யார் எப்படிப் பேசினார், எவ்வளவு நம்பி ஏமாந்தார் என்று இரண்டு பக்கம் நிறைந்துவிடும். ஆனால் அப்புகாரைப் படிக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் முதலில் தேடுவது வேறு சில செய்திகளை. பொருள் எந்நாளில் வாங்கப்பட்டது? எவ்வளவு தொகை, எவ்வழியில் செலுத்தப்பட்டது? பழுது எந்நாளில் முதன்முதலாகத் தெரிந்தது? விற்றவர் யார், செய்தவர் யார்? புகார்தாரர் எம்மாவட்டத்தில் வாழ்கிறார்? இவற்றுக்கு விடை இல்லாத புகார் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் தொடக்கத்திலேயே தடுமாறும். எனவே, மனு எழுதும் தாளுக்கு முன்பாக, தகவல் திரட்டும் தாள் ஒன்று தேவைப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனைப் பார்ப்போம். வானகரத்தில் வாழும் பெண்மணி ஒருவர் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, ஒரு கிலோ பைகளாக அக்கம்பக்கத்தாருக்கு விற்கிறார் எனக் கொள்வோம். மாவைக் கெடாமல் வைக்க, அம்பத்தூரில் உள்ள கடையொன்றில் குளிர்பதனப் பெட்டி வாங்கினார். மூன்று மாதம் முடிவதற்குள் பெட்டி குளிர்விப்பதை நிறுத்தியது. பழுதுநீக்குநர் மூன்று முறை வந்து சென்றும் சரியாகவில்லை. இறுதியில், ‘இது தயாரிப்புக் குறை அன்று’ என்று நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. இனி அவர் புகார் அளிக்க வேண்டும். அவர் கையில் இருக்க வேண்டியவை எவை?

முதல் நாள் எது?

எல்லாத் தகவல்களிலும் தலையாயது தேதி. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 69ஆம் பிரிவு, வழக்கெழு காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கப்பட வேண்டும் என்கிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். எனினும், பொறுத்துக்கொள்வதற்கான காரணத்தை ஆணையம் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அது புகார்தாரரின் உரிமை அன்று. ஆணையத்தின் முடிவைப் பொறுத்தது.

இந்த இரண்டாண்டு எல்லை எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு உச்சநீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்த வழக்கொன்று சான்றாகும். பி.எஸ். அக்ரிகல்ச்சுரல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனம், தான் விற்ற சரக்குக்கான ஆவணங்களைப் பாரத ஸ்டேட் வங்கி வழியாக அனுப்பிப் பணம் பெற்றுத் தருமாறு கேட்டிருந்தது. பணமும் வரவில்லை, ஆவணங்களும் திரும்பவில்லை. 1994 ஜூன் 7ஆம் நாளோடு வங்கியின் குறைபாடு வெளிப்பட்டுவிட்டது. நிறுவனம் புகார் அளித்ததோ 1997 மே 5ஆம் நாள். முன்னர் அந்நிறுவனத்துக்குச் சாதகமாக ஆணை கிடைத்திருந்தது. ஆனால் இரண்டாண்டுகள் கடந்துவிட்டதைக் காட்டி உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. எதிர்த்தரப்பு சொன்னாலும் சொல்லாவிட்டாலும், காலவரம்பைத் தானே முதலில் சோதிப்பது ஆணையத்தின் கடமை என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. வங்கியின் செயலில் குறை உண்டா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லாமல் வழக்கு முடிந்தது.

வானகரத்துப் பெண்மணியின் நிலைக்கு வருவோம். அவர் கையில் பல தேதிகள் உள்ளன. 2024 மார்ச் 8இல் முன்பணம் கொடுத்தார். மார்ச் 12இல் மீதித் தொகையைச் செலுத்தி, விலைச்சீட்டைப் பெற்றார். ஜூன் 3ஆம் நாள் காலையில் பெட்டி குளிரவில்லை என்று கண்டார். மறுநாள் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணில் பதிவு செய்தார். ஜூன் 6, ஜூன் 20, ஜூலை 9 ஆகிய நாள்களில் பழுதுநீக்குநர் வந்தார். ஆகஸ்ட் 2ஆம் நாள் மறுப்பு மின்னஞ்சல் வந்தது. இவற்றுள் இரண்டாண்டைக் கணக்கிட எந்த நாளை எடுத்துக்கொள்வது?

மறுப்பு வந்த நாளே தொடக்கம் என்று வாதிட இடம் இருக்கலாம். ஆயினும் முதன்முறைப் புகார்தாரர் அந்த வாதத்தை நம்பிக் காத்திருப்பது இடர்ப்பாடு உடையது. பழுது முதலில் தெரிந்த ஜூன் 3ஆம் நாளைத் தொடக்கமாகக் கொண்டு, 2026 ஜூன் 2ஆம் நாளைத் தம் கடைசி நாளாக அவர் குறித்துக்கொள்ள வேண்டும். அதாவது, பொருந்தக்கூடிய தேதிகளில் மிக முற்பட்டதையே எண்ணிக்கைக்கு எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. ‘அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம்’ என்ற பதிலோ, மீண்டும் மீண்டும் எழுதும் நினைவூட்டல் கடிதமோ இந்தக் கடிகாரத்தை நிறுத்துவதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிட்டுப் பதிவெண் பெறுவதும் பயனுடையதே. பல சிக்கல்கள் அங்கேயே தீர்வதுண்டு. ஆனால் அங்குப் பேச்சு நடக்கும் நாள்களுக்காக இரண்டாண்டு நீளும் என்று எண்ணிவிடலாகாது.

தேதிகளை நினைவிலிருந்து எழுதும்போதுதான் தவறுகள் நேர்கின்றன. ஒவ்வொரு தேதிக்கும் அருகில், அதனைக் காட்டும் சான்று எது என்பதையும் எழுதிப் பார்த்தால் ஓட்டைகள் தெரிந்துவிடும். மார்ச் 8க்கு முன்பண ரசீது உண்டு. மார்ச் 12க்கு விலைச்சீட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும் உண்டு. ஜூன் 4க்குக் கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தியும் அதிலுள்ள பதிவெண்ணும் உண்டு. ஜூன் 3க்கு என்ன உண்டு? எதுவும் இல்லை; ஆனால் ஜூன் 4ஆம் நாள் பதிவில் ‘நேற்று முதல்’ என்று குறிக்கப்பட்டிருந்தால் போதும். ஜூன் 20ஆம் நாள் வந்தவர் தாள் எதுவும் கொடுக்காமல் சென்றிருந்தால், அந்த வருகை வெறும் சொல்லாகவே நிற்கும். பழுதுநீக்குநர் வரும்போதெல்லாம் அவர் கொண்டுவரும் பணித்தாளில் (ஜாப் ஷீட்) பழுதின் தன்மையை எழுதச் சொல்லி, அதன் படியைப் பெறுவது இதனால்தான். பலர், ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கீழே கையெழுத்திட்டுவிடுகிறார்கள். பிற்பாடு அது, பெட்டி நன்றாக இயங்கியதற்கான சான்றாக எதிர்த்தரப்பின் கைக்குப் போய்விடும்.

சான்றுகள் அழியவும் கூடும். இன்று பல கடைகளில் தரப்படும் விலைச்சீட்டு வெப்பத்தாளில் அச்சாகிறது. வெயிலிலும் நெகிழிப் பையிலும் கிடந்தால் சில மாதங்களிலேயே எழுத்து மங்கி, வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். வாங்கிய வாரத்திலேயே நகல் எடுத்து வைப்பது நல்லது. கைப்பேசிச் செய்திகளைப் படமாக எடுக்கும்போது, அனுப்பியவரின் பெயர் மட்டுமின்றி அவருடைய எண்ணும் தேதியும் தெரியும்படி எடுக்க வேண்டும். ‘கடை அண்ணன்’ என்று சேமித்து வைத்த பெயர் மட்டும் தெரியும் படத்தால், பேசியவர் யார் என்பதை நிறுவ இயலாது.

தொகைகளைப் பிரித்தல்

புகார் எழுதுவோர் எல்லாப் பணத்தையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லிவிடுவது வழக்கம். ‘எனக்கு ஒரு லட்சம் நட்டம்’ என்ற சொற்றொடர், எழுதியவருக்கு ஆறுதல் தரலாம். படிப்பவருக்கு எதையும் சொல்லாது. தொகைகளை வகைப்படுத்தித் தனித்தனியே எழுத வேண்டும்.

முதலாவது, பொருளுக்காகச் செலுத்திய தொகை. நம் எடுத்துக்காட்டில் பெட்டியின் விலை, வரி உட்பட 31,000 ரூபாய். பழைய பெட்டியைக் கொடுத்ததற்காக 2,500 ரூபாய் கழிக்கப்பட்டது. எஞ்சிய 28,500 ரூபாயில் 5,000 ரூபாய் ரொக்கமாகவும், 23,500 ரூபாய் பற்று அட்டை வழியாகவும் தரப்பட்டன. இம்மூன்று வரிகளையும் அவ்வாறே எழுத வேண்டும். விலைச்சீட்டில் 31,000 என்றும் வங்கி அறிக்கையில் 23,500 என்றும் இருக்க, மனுவில் 28,500 என்று மட்டும் எழுதினால், மூன்று தாள்களும் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றும்.

செலுத்திய தொகைக்கு மற்றொரு பணியும் உண்டு. எந்த ஆணையத்தை அணுகுவது என்பதை அதுவே முடிவு செய்கிறது. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், பொருளின் மதிப்போடு கேட்கும் இழப்பீட்டையும் சேர்த்தே கணக்கிட்டனர். புதிய சட்டத்திலோ, பொருளுக்கு ஈடாகக் கொடுத்த தொகை மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகிறது. 2021 டிசம்பரில் வெளியான விதியின்படி, அத்தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமே இல்லை. ஆகவே, இழப்பீட்டை மிகுத்துக் கேட்பதால் புகார் மேல் ஆணையத்துக்குச் சென்றுவிடாது. புகார்தாரரின் நம்பகத்தன்மைதான் குறையும்.

இரண்டாவது, பழுதால் நேர்ந்த செலவும் இழப்பும். ஜூலை 9ஆம் நாள் வாயு நிரப்பியதற்காக வாங்கப்பட்ட 450 ரூபாய்க்கு ரசீது இருக்கிறது. உத்தரவாதக் காலத்துக்குள் இத்தொகை வாங்கப்பட்டது என்பதே ஒரு தனிக் குறையாகும். பெட்டியைப் பொருத்த வந்தவருக்குக் கையில் கொடுத்த 600 ரூபாய்க்கு ரசீது இல்லை. அதனை விட்டுவிட வேண்டியதில்லை. ‘ரசீது தரப்படவில்லை’ என்ற குறிப்போடு எழுதலாம். கெட்டுப்போன மாவு 14 கிலோ; கிலோ 40 ரூபாய் வீதம் 560 ரூபாய். இந்த 14 என்னும் எண் எங்கிருந்து வந்தது? அன்றாடம் யாருக்கு எத்தனை பை என்று அவர் எழுதி வைக்கும் குறிப்பேட்டிலிருந்து வந்தது. இழப்பு நேர்ந்த நாளில் இயல்பாக எழுதப்பட்ட குறிப்பேட்டுக்கு இருக்கும் மதிப்பு, மனுவுக்காகப் பின்னர் எழுதிய பட்டியலுக்கு இராது.

மூன்றாவது, மன உளைச்சலுக்காகவும் வழக்குச் செலவுக்காகவும் கேட்கும் தொகை. இதற்கு ரசீது இருக்க வழியில்லை. இது ஆணையத்தின் மதிப்பீட்டுக்கு உட்பட்டது. இதனை முதலிரண்டோடு கலக்காமல் தனி வரியில் எழுதினால் போதும். நம் எடுத்துக்காட்டில் கணக்குக் காட்டக்கூடிய தொகை 28,500, 450, 600, 560 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 30,110 ரூபாய் மட்டுமே. அதற்கு மேல் கேட்பது எதுவாயினும் அதன் பெயர் வேறு என்பது மனுவில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

எதற்காக வாங்கப்பட்டது?

பலர் எண்ணிப் பாராத ஒரு தகவல் இது. மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ பொருள் வாங்கியவர் இச்சட்டத்தின்படி நுகர்வோர் ஆகமாட்டார். மாவு விற்பவர் வாங்கிய பெட்டி வணிக நோக்கத்துக்கு உரியது என்று எதிர்த்தரப்பு முதல் வாதமாகவே சொல்லும். ஆனால் சட்டம் ஒரு விலக்கும் தருகிறது. தம் சொந்த உழைப்பால், தம் வாழ்வாதாரத்துக்காக மட்டும் பயன்படுத்த வாங்கியவர் நுகர்வோரே ஆவார்.

இந்த எல்லைக்கோட்டை உச்சநீதிமன்றம் 1995இல் விளக்கியது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்னும் நிறுவனம் கோயம்புத்தூரிலுள்ள பி.எஸ்.ஜி. தொழிலியல் நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கியதில் எழுந்த வழக்கு அது. தட்டச்சுப் பொறி வாங்கித் தாமே தட்டச்சு செய்து பிழைப்பவரும், தானி வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோரே என்று நீதிமன்றம் கூறியது. அவற்றை வாங்கிப் பிறரைக் கொண்டு இயக்குபவர் அப்படி ஆகமாட்டார். வழக்குக்கு உள்ளான இயந்திரமோ அளவிலும் பயனிலும் வணிகத்துக்கு உரியதெனக் கொள்ளப்பட்டமையால், வாங்கிய நிறுவனத்தின் முறையீடு ஏற்கப்படவில்லை.

எனவே நம் பெண்மணி சில உண்மைகளைத் திரட்டிக்கொள்ள வேண்டும். மாவு அரைப்பதும் விற்பதும் அவரும் குடும்பத்தாருமா, கூலியாள்களா? நாளொன்றுக்கு எவ்வளவு விற்கிறார்? வீட்டுக்கு வேறு வருமானம் உண்டா? பெட்டியில் வீட்டுப் பொருள்களும் வைக்கப்படுகின்றனவா? விலைச்சீட்டில் வாங்குபவரின் பெயருக்குக் கீழே வணிகத்துக்கான வரிப் பதிவெண் ஏதும் எழுதப்பட்டுள்ளதா? கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் கூர்மையானது. வரிச்சலுகை கிடைக்கும் என்று கடைக்காரர் சொல்ல, உறவினர் ஒருவரின் தொழில் பதிவெண்ணை விலைச்சீட்டில் எழுதிவிடுவதுண்டு. பின்னாளில் அந்த ஒரு வரியே வணிகக் கொள்முதலுக்குச் சான்றாக நீட்டப்படும். உண்மை நிலை எதுவோ அதனை மறைக்காமல் எழுதுவதே சரி. மாவு விற்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, கெட்டுப்போன மாவுக்கு மட்டும் 560 ரூபாய் கேட்டால் மனு தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும்.

யார் மீது, எங்கே?

கடையின் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயரும் விலைச்சீட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருப்பதில்லை. பலகையில் நிறுவனரின் பெயரோ வணிகப்பெயரோ இருக்கும். விலைச்சீட்டின் அடியில் கூட்டாண்மை நிறுவனத்தின் பெயர் இருக்கும். மனுவில் எழுத வேண்டியது விலைச்சீட்டில் உள்ள பெயரும் முகவரியுமே ஆகும். பெயர் தவறினால் ஆணையத்தின் அறிவிப்பு உரியவரைச் சேராது. அதே சீட்டில் விற்றவரின் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவெண் 15 இலக்க, எழுத்துகளாக அச்சிடப்பட்டிருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் 33 எனில், அப்பதிவு தமிழ்நாட்டுக்கு உரியது. செய்த நிறுவனத்தின் பெயர், பெட்டியின் மாதிரிக் குறியீடு, வரிசை எண் ஆகியவை பெட்டியில் ஒட்டப்பட்ட தகட்டில் உள்ளன. உத்தரவாத அட்டையிலுள்ள வரிசை எண்ணும் தகட்டிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். உத்தரவாத அட்டையை முழுதும் படிப்பதும் தேவை. பெட்டி முழுமைக்கும் ஓராண்டும், கம்ப்ரசருக்கு மட்டும் அதைவிட நீண்ட காலமும் தரப்பட்டிருக்கலாம். பழுது எந்தப் பகுதியில் என்பதைப் பொறுத்தே எந்த உத்தரவாதம் பொருந்தும் என்பது அமையும்.

இடத்தைப் பொறுத்தவரை, சென்னையின் மேற்குப் புறநகர் வாசிகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. வானகரத்து அஞ்சல் முகவரிகள் ‘சென்னை’ என்றே முடிகின்றன. ஆயினும் வானகரம், திருவள்ளூர் மாவட்டத்து வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சியாக இருந்து வந்திருக்கிறது. அருகிலுள்ள அம்பத்தூர், மதுரவாயல் வட்டங்களோ 2018இல் சென்னை மாவட்டத்தோடு இணைக்கப்பட்டன. கடை ஒரு மாவட்டத்திலும் வீடு ஒரு மாவட்டத்திலும் இருக்க, இரண்டு முகவரியிலும் ‘சென்னை’ என்றே எழுதப்பட்டிருக்கும். எல்லைகள் மாறிவரும் பகுதி இது என்பதால், அஞ்சல் குறியீட்டை நம்பாமல், குடும்ப அட்டையிலோ சொத்துவரி ரசீதிலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ தம் வீட்டுக்கு உரிய மாவட்டத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும். புதிய சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வாழும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலும் புகார் அளிக்க இடந்தருகிறது. பழைய சட்டத்தில் இவ்வசதி இல்லை. ஆதலால் இவர் அம்பத்தூர்க் கடையைத் தேடிச் சென்னை ஆணையத்துக்குப் போக வேண்டியதில்லை. தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்தையே அணுகலாம். வாழிடத்துக்கான சான்று திரட்ட வேண்டிய தாள்களுள் ஒன்றாவது இதனாலேயே.

ஒரு பக்கத்தில்

திரட்டியவை அனைத்தையும் ஒரே பக்கத்தில் காலவரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். உணர்ச்சிச் சொல் எதுவும் அதில் தேவையில்லை. அத்தாள் பின்வருமாறு அமையலாம்:

| தேதி | நிகழ்ந்தது | தொகை (ரூ.) | சான்று |
|---|---|---|---|
| 08.03.2024 | முன்பணம், ரொக்கம் | 5,000 | ரசீது |
| 12.03.2024 | மீதித் தொகை, பற்று அட்டை | 23,500 | விலைச்சீட்டு, வங்கி அறிக்கை |
| 03.06.2024 | குளிர்விப்பது நின்றது. மாவு 14 கிலோ கெட்டது | 560 | குறிப்பேடு |
| 04.06.2024 | நிறுவனத்தில் முதற்பதிவு | – | குறுஞ்செய்தி, பதிவெண் |
| 06.06.2024 | முதல் வருகை | – | பணித்தாள் |
| 20.06.2024 | இரண்டாம் வருகை | – | தாள் தரப்படவில்லை |
| 09.07.2024 | மூன்றாம் வருகை, வாயு நிரப்பல் | 450 | ரசீது |
| 02.08.2024 | மறுப்பு | – | மின்னஞ்சல் |

இத்தாளில் ‘தரப்படவில்லை’ என்று எழுதிய இடமே அடுத்துச் செய்ய வேண்டியதைக் காட்டிவிடுகிறது. ஜூன் 20ஆம் நாள் வருகையைக் குறிப்பிட்டு, அதன் பணித்தாளின் படியைக் கேட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். அனுப்பினால் சான்று கிடைக்கும். அனுப்பாவிட்டால், கேட்டும் தரவில்லை என்பதே சான்றாகும். பொருத்துக் கூலியான 600 ரூபாய் இத்தாளில் இடம்பெறாததையும் கவனிக்கலாம். பெட்டி எந்நாளில் பொருத்தப்பட்டது என்று அவர் இன்னும் உறுதி செய்யவில்லை. அந்நாள் தெரியும்வரை அத்தொகை மனுவுக்குள் செல்லக்கூடாது.

பெட்டியைப் பொறுத்தும் ஓர் எச்சரிக்கை உண்டு. பழுதைக் கண்டறியச் சோதனை தேவையெனில், பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப 38ஆம் பிரிவின்படி ஆணையத்தால் இயலும். ஆகவே வெளியாள் ஒருவரைக் கொண்டு பெட்டியைத் திறந்து பார்ப்பதோ, கழற்றிய பாகத்தை எறிந்துவிடுவதோ கூடாது. வெளியாள் கை வைத்ததனால்தான் பழுது என்று நிறுவனம் சொல்ல அது வழிவகுக்கும்.

இத்தாள் நிறைவடைந்ததும், அதன் அடிப்படையில் விற்றவருக்கும் செய்த நிறுவனத்துக்கும் ஓர் அறிவிப்புக் கடிதம் எழுதி, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் விரைவு அஞ்சலில் அனுப்புவது வழக்கம். பதினைந்து நாள் போன்ற ஒரு கெடுவை அதில் குறிப்பர். அனுப்பிய ரசீதும் சேர்ந்த சான்றும் காலவரிசைத் தாளின் கடைசி இரண்டு வரிகளாகச் சேரும். அறிவிப்பின் நகலோடு, மேற்சொன்ன தாள்களின் நகல்களையும் ஒவ்வோர் எதிர்த்தரப்பினருக்கும் ஒன்றும் ஆணையத்துக்கும் தமக்கும் தனித்தனியுமாக அடுக்கி, மூலத்தாள்களை வீட்டிலேயே பத்திரப்படுத்த வேண்டும். விசாரணையில் கேட்கும்போது மட்டும் மூலங்களைக் காட்டினால் போதும்.

இணையவழியாகப் புகார் அளிப்போர் இதே தாள்களை மின்வடிவில் ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது ஒவ்வொரு கோப்புக்கும் தேதியையே பெயராக இட்டு வைத்தால், காலவரிசைத் தாளின் எந்த வரிக்கு எந்தச் சான்று என்பது புகார்தாரருக்கும் படிப்பவருக்கும் ஒரே பார்வையில் விளங்கும்.